'அணிந்திருக்கிறான்', 'அணிந்துகொண்டிருக்கிறான்': மொழிபெயர்ப்பில் துணைவினைகள்

ஆங்கிலத் தொடர்களைத் தமிழாக்கும் பயிற்சிகளில் மாணவர் பலர் ஒரு வாய்பாட்டைக் கையாள்கின்றனர். 'ஹேஸ்' வந்தால் 'இருக்கிறான்' என்றும், 'இஸ்' என்பதோடு 'இங்' ஈறு வந்தால் 'கொண்டிருக்கிறான்' என்றும் எழுதிவிடுகின்றனர். பல தொடர்களுக்கு இது பொருந்துவதால் இதன் குறை எளிதில் புலப்படுவதில்லை. 'ஹி இஸ் வேரிங் எ ரெட் ஷர்ட்' என்னும் தொடரில் அது வெளிப்பட்டுவிடுகிறது.

வாய்பாட்டின்படி 'அவன் சிவப்புச் சட்டை அணிந்துகொண்டிருக்கிறான்' என்று எழுதினால், அவன் இன்னும் சட்டைக்குள் கையை நுழைக்கிறான் என்ற பொருளே நமக்கு முதலில் தோன்றும். ஆங்கிலத் தொடரிலோ சட்டை ஏற்கெனவே உடலில் இருக்கிறது. ஆகவே, 'அணிந்திருக்கிறான்' என்பதே பொருத்தமான தமிழ்.

காரணம் வினைச்சொல்லின் இயல்பில் உள்ளது. 'அணி' என்பது ஒரு செயல்; அது முடிந்ததும் ஒரு நிலை எஞ்சுகிறது. 'அணிந்து' என்னும் எச்சம் செயலின் முடிவைக் காட்ட, 'இரு' என்னும் துணைவினை எஞ்சிய நிலை நீடிப்பதைக் காட்டுகிறது. 'கொண்டிரு' சேர்ந்தால் செயலே முடியவில்லை என்றாகும். ஆங்கிலத்தில் உடுத்தும் செயலுக்கு 'புட் ஆன்', உடுத்திய நிலைக்கு 'வேர்' என இரு வினைகள் உள்ளன. தமிழ் ஒரே வினையை வைத்துக்கொண்டு துணைவினையால் அவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. பேச்சில் 'சட்டை போட்டுக்கொண்டிருக்கிறான்' என்பதற்கு இரு பொருளும் உண்டு. ஏனெனில், 'கொள்' தனக்கே செய்துகொள்வதையும் குறிக்கும்.

இனி, 'தி டீச்சர் ஹேஸ் கம்' என்பதைக் காண்போம். வகுப்பு இரைந்துகொண்டிருக்கும்போது ஒரு மாணவன் எச்சரிப்பதானால், 'ஆசிரியர் வந்துவிட்டார்' என்பான். இங்கே எதிர்பார்த்த வருகை நிகழ்ந்து முடிந்தமையே செய்தி. வீட்டிற்கு எதிர்பாராமல் வந்த ஆசிரியரைப் பற்றித் தந்தையிடம் சொல்லும்போது, 'ஆசிரியர் வந்திருக்கிறார்' என்பான். இங்கே அவர் காத்திருக்கும் நிலையே செய்தி. ஆங்கில வடிவம் ஒன்றே. எத்துணைவினை வேண்டும் என்பதை முன்பின் தொடர்களே முடிவு செய்கின்றன. எதிர்மறையில் இவ்விரு துணைவினைகளும் தேவைப்படுவதில்லை. 'இன்னும் வரவில்லை' என்பதே போதும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போதும் இச்சிக்கல் உண்டு. காலையில் ஈரத் தரையைக் கண்டு, 'நேற்றிரவு மழை பெய்திருக்கிறது' என்கிறோம். மழையை நேரில் காணாதவர் அதன் விளைவைக் கண்டு ஊகித்துக் கூறுவது இது. ஆங்கிலத்தின் 'ஹேஸ் ரெய்ன்ட்' என்னும் வடிவம் 'லாஸ்ட் நைட்' என்ற காலச்சொல்லை ஏற்காது. 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்று மாற்றினால்தான் காலமும் ஊகமும் காக்கப்படும்.

எனவே, பயிற்சித்தாளைத் திருத்தும்போது ஆங்கில வடிவத்தைத் தேடாமல், செயல் நடக்கிறதா, முடிந்துவிட்டதா, முடிந்து ஒரு நிலையாக எஞ்சியிருக்கிறதா என்று மாணவரை வினவலாம். அவர் கூறும் விடையிலேயே துணைவினை அமைந்திருக்கும்.