சென்செக்ஸ் புள்ளி பிறக்கும் விதம்

சென்செக்ஸ் என்பது மும்பை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட 30 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளை ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்லும் குறியீடு. முப்பது விலைகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த எண் கிடைத்துவிடாது. 100 ரூபாய்ப் பங்கும் 10,000 ரூபாய்ப் பங்கும் நிறுவனத்தின் அளவைச் சொல்வதில்லை. விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் சந்தை மதிப்பு தெரியும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்.ஐ.சி. 2022 மே மாதம் சந்தைக்கு வந்தபோது 3.5 விழுக்காடு பங்குகளே விற்கப்பட்டன; எஞ்சியவை மத்திய அரசிடமே இருந்தன. விற்பனைக்கு வராத பங்குகளையும் கணக்கில் சேர்த்தால், கையளவே புழங்கும் ஒரு பங்கு குறியீட்டையே ஆட்டிவைக்கும். அதனால் நிறுவனர்கள், அரசு போன்றோர் நீண்டகாலப் பிடியில் வைத்திருக்கும் பங்குகளைக் கழித்து, பொதுவில் கைமாறக்கூடியவற்றை மட்டும் எடுக்கிறார்கள். இதுதான் ‘ஃப்ரீ ஃப்ளோட்’. சென்செக்ஸ் 2003 செப்டம்பரிலும் நிஃப்டி 2009 ஜூனிலும் இம்முறைக்கு மாறின.

இரண்டே நிறுவனங்கள் கொண்ட ஒரு குட்டிக் குறியீட்டில் இதைப் பார்க்கலாம். ‘அ’ நிறுவனத்துக்கு 1,000 பங்குகள், விலை 200 ரூபாய், புழங்குவது 40 விழுக்காடு. அதன் புழக்க மதிப்பு 80,000 ரூபாய். ‘ஆ’ நிறுவனத்துக்கு 500 பங்குகள், விலை 240 ரூபாய், அனைத்தும் புழக்கத்தில். மதிப்பு 1,20,000 ரூபாய். கூட்டுத்தொகை 2,00,000. தொடக்க நாளில் குறியீட்டை 100 என்று வைக்க, இதை 2,000 ஆல் வகுக்க வேண்டும். இந்த 2,000தான் வகுஎண். சென்செக்ஸுக்கு 1978-79ஆம் ஆண்டு அடிப்படை; அதன் மதிப்பு 100.

மறுநாள் ‘அ’ 10 விழுக்காடு ஏறினால் அதன் புழக்க மதிப்பு 88,000, கூட்டுத்தொகை 2,08,000, குறியீடு 104. மொத்தப் பங்குகளையும் கணக்கிட்டிருந்தால் இதே ஏற்றம் குறியீட்டை 106.25க்குத் தூக்கியிருக்கும்.

அன்று மாலை ‘ஆ’வை நீக்கி, 1,72,000 ரூபாய் புழக்க மதிப்புள்ள ‘இ’யைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 2,60,000 ஆகிவிடும். பழைய வகுஎண்ணால் வகுத்தால் 130 வரும். விலை எதுவும் ஏறாமலே 26 புள்ளி உயர்வு! இந்தப் பொய்யேற்றத்தைத் தடுக்க, குறியீடு 104லேயே நிற்குமாறு வகுஎண்ணை 2,500 ஆக மாற்றுவார்கள். உரிமைப் பங்கு வெளியீட்டுக்கும் இதே மருந்துதான். ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தாலோ விலை பாதியாகும், எண்ணிக்கை இரட்டிக்கும். வகுஎண்ணைத் தொட வேண்டியதில்லை.

வழக்கமான ஈவுத்தொகைக்கு இத்தகைய திருத்தம் கிடையாது. ஈவுத்தொகை நாளில் பங்கு விலை இறங்கினால் குறியீடும் சற்றுச் சரியும்; முதலீட்டாளர் கைக்கு வந்த பணம் அதில் தெரியாது. அதையும் சேர்த்துக் கணக்கிடும் மொத்த வருவாய்க் குறியீடு தனியே வெளியிடப்படுகிறது.