ஒரு அடி உயர வித்தியாசம்

மாப்பிள்ளை 6 அடி, பெண் 5 அடி. கல்யாண ஆல்பத்தில் இதைக் கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்பவர்கள் உண்டு. பெண்ணை மட்டும் மேல்நோக்கி இழுத்தால் முகம் நீண்டு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் போட்டோஷாப்பில் இருவரையும் நிழலோடு தனித்தனி லேயராக வெட்டி, பின்னணியை நிரப்பிவிட்டு, Ctrl+T அழுத்தி, மேலே ஆப்ஷன்ஸ் பாரில் Reference Point பெட்டியை டிக் செய்து, நடுவில் தோன்றும் மையப்புள்ளியைப் பாதத்துக்கு இறக்க வேண்டும். அப்போதுதான் அளவு மாறினாலும் கால் தரையிலேயே நிற்கும். இல்லாவிட்டால் ஆள் மிதப்பார்.

பெண்ணை 4 சதவீதம் பெரிதாக்கி, மாப்பிள்ளையை 3 சதவீதம் சிறிதாக்கினால் 12 அங்குல வித்தியாசம் ஏழரையாகச் சுருங்கும். அதற்கு மேல் போனால் இருவர் தலையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கைகோத்து நிற்கும் படமா? ஒருவர் கை ஏறும், இன்னொருவர் கை இறங்கும், விரல்கள் பிரிந்துவிடும். அதைத் தொடாமல் விடுவதே நல்லது.