62.5 ஏன் 62.2 ஆனது?

பிள்ளைகளின் உயரம் பெற்றோரின் உயரத்தை எந்த அளவுக்குப் பின்பற்றுகிறது? இதை அறிய விரும்பிய ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன், பல குடும்பங்களிடமிருந்து உயர அளவுகளைத் திரட்டினார். 205 பெற்றோர் இணைகள், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேர். பெண்களின் உயரத்தை 1.08 ஆல் பெருக்கி, ஆண்களின் உயரத்தோடு ஒப்பிடத்தக்கதாக மாற்றிக்கொண்டார். 1886-இல் அச்சான அவருடைய கட்டுரையில், அந்த உயரங்கள் தனித்தனியாக இல்லாமல் ஓர் அங்குல அகலமுள்ள பிரிவுகளாகத் தொகுக்கப்பட்டிருந்தன. 62 முதல் 63 அங்குலம் வரை 7 பேர், 63 முதல் 64 வரை 32 பேர் என்று அட்டவணை நீள்கிறது.

அந்த அட்டவணையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 62 முதல் 63 வரையுள்ள பிரிவின் நடு 62.5 என்று பள்ளி மாணவரும் சொல்லிவிடுவார். கால்டன் அங்கே 62.2 என்று எழுதியிருக்கிறார். அடுத்த பிரிவுக்கு 63.2, அதற்கடுத்து 64.2. எழுத்துப்பிழையோ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர் தெரிந்தே செய்தது அது. காரணத்தையும் அட்டவணையின் அடியில் குறித்திருக்கிறார். அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால், தொகுத்த அட்டவணையிலிருந்து சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் கணக்கிடும் முறை எதன் மேல் நிற்கிறது என்பதும் புரிந்துவிடும்.

பிரிவுகளாகத் தொகுக்கும்போது தனி மனிதரின் உயரம் மறைந்துபோகிறது. 67-க்கும் 68-க்கும் இடையே 138 பேர் என்று தெரிகிறது. அவர்களில் ஒருவருடைய உயரம்கூடத் தெரியாது. ஆனால் சராசரி காண ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வேண்டும். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறோம்: அந்த 138 பேரையும் பிரிவின் ஒரே புள்ளியில் நிறுத்திவிடுகிறோம். அந்தப் புள்ளிதான் நடுமதிப்பு. பிரிவுக்குள் இருப்பவர்கள் சமமாகப் பரவியிருக்கிறார்கள், ஆகவே அவர்களுடைய சராசரி நடுவில்தான் விழும் என்ற ஊகமே இதற்கு அடிப்படை.

இனி கணக்கைச் செய்து பார்ப்போம். 68.2-ஐ ஊகச் சராசரியாக எடுத்துக்கொண்டால் எண்கள் சிறியதாகிவிடும். ஒவ்வொரு பிரிவும் அதிலிருந்து எத்தனை படி தள்ளியிருக்கிறது என்பது `d`. அந்தப் பிரிவில் உள்ளோரின் எண்ணிக்கை, அதாவது நிகழ்வெண், `f`. இரு ஓரங்களிலும் "இதற்குக் கீழ்", "இதற்கு மேல்" என்று மட்டுமே கால்டன் குறித்திருந்தார். அவற்றுக்கு இப்போதைக்கு 61.2, 74.2 என்று வைத்துக்கொள்வோம்.

| நடுமதிப்பு | f | d | fd | fd² |
|---|---|---|---|---|
| 61.2 (கீழ்) | 5 | −7 | −35 | 245 |
| 62.2 | 7 | −6 | −42 | 252 |
| 63.2 | 32 | −5 | −160 | 800 |
| 64.2 | 59 | −4 | −236 | 944 |
| 65.2 | 48 | −3 | −144 | 432 |
| 66.2 | 117 | −2 | −234 | 468 |
| 67.2 | 138 | −1 | −138 | 138 |
| 68.2 | 120 | 0 | 0 | 0 |
| 69.2 | 167 | 1 | 167 | 167 |
| 70.2 | 99 | 2 | 198 | 396 |
| 71.2 | 64 | 3 | 192 | 576 |
| 72.2 | 41 | 4 | 164 | 656 |
| 73.2 | 17 | 5 | 85 | 425 |
| 74.2 (மேல்) | 14 | 6 | 84 | 504 |
| மொத்தம் | 928 | | −99 | 6003 |

கடைசி நிரலில் கவனம் வேண்டும். `d`-ஐ மட்டும் வர்க்கப்படுத்தி, பிறகு `f`-ஆல் பெருக்க வேண்டும். `fd` முழுவதையும் வர்க்கப்படுத்துவதுதான் தேர்வுத்தாள்களில் அடிக்கடி நேரும் தவறு. முதல் வரியில் 5 × 49 = 245 என்பது சரி; 35 × 35 = 1225 என்று வந்தால் தடம் மாறிவிட்டோம் என்று பொருள்.

−99-ஐ 928-ஆல் வகுத்தால் −0.107. அதை 68.2-உடன் சேர்த்தால் சராசரி உயரம் 68.09 அங்குலம். அடுத்து, 6003-ஐ 928-ஆல் வகுத்தால் 6.469; அதிலிருந்து 0.107-இன் வர்க்கமான 0.011-ஐக் கழித்தால் 6.46. இதுதான் விலக்க வர்க்கச் சராசரி. இதன் வர்க்கமூலம் 2.54 அங்குலம், திட்ட விலக்கம். இங்கே பிரிவின் அகலம் 1 என்பதால் வேலை இத்தோடு முடிந்தது. அகலம் `h` என்றால், படிக்கணக்கில் கிடைத்த விலக்க வர்க்கச் சராசரியை `h²`-ஆல் பெருக்க வேண்டும். வெறும் `h`-ஆல் அல்ல.

விடை சரிதானா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. மணி வடிவப் பரவலில், சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத் தொலைவுக்குள் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் இருக்க வேண்டும். 66.2 முதல் 70.2 வரையுள்ள ஐந்து பிரிவுகளில் 641 பேர், நூற்றுக்கு 69. கணக்கு பொருந்துகிறது.

இப்போது 62.2-க்கு வருவோம். தங்கள் உயரத்தைச் சொல்பவர்கள் முழு எண்ணையே விரும்புவார்கள். 62.3 என்றோ 61.9 என்றோ சொல்லாமல் 62 என்று முடித்துவிடுவார்கள். அப்படி 62 என்று பதிவானவர் 62–63 பிரிவில்தான் சேர்வார். 63 என்று பதிவானவர் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார். எனவே பிரிவுக்குள் கூட்டம் சமமாகப் பரவவில்லை, கீழ் விளிம்பில் குவிந்திருக்கிறது. முழு அங்குலங்களின் பக்கம் இருந்த இந்தச் சாய்வைக் கண்ட கால்டன், பிரிவின் பிரதிநிதியை நடுவிலிருந்து 0.3 அங்குலம் கீழே இறக்கினார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு 62.5, 63.5 என்றே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சராசரி 68.39 ஆகியிருக்கும். 0.3 அங்குலப் பிழை முழுதாகச் சராசரியில் ஏறியிருக்கும். விலக்க வர்க்கச் சராசரியோ அதே 6.46-ஆக அசையாமல் இருந்திருக்கும், ஏனெனில் எல்லோரும் சேர்ந்து ஒரே அளவு நகர்ந்தால் ஒருவருக்கொருவர் உள்ள தொலைவு மாறுவதில்லை.

ஓரத்துப் பிரிவுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. அங்கே 19 பேர்தான் இருக்கிறார்கள். அவர்களை 61.2, 74.2 என்று நாம் நிறுத்தினோம். இன்று இந்தத் தரவைப் பயன்படுத்தும் பலர் 61.7, 73.7 என்று நிறுத்துகிறார்கள். அப்படிச் செய்தாலும் சராசரி 68.09 தான், ஆனால் விலக்க வர்க்கச் சராசரி 6.33-ஆகக் குறைகிறது. ஓர் அங்குலம் வெளியே தள்ளி 60.2, 75.2 என்று வைத்தால் சராசரி 68.10, விலக்க வர்க்கச் சராசரி 6.74. நூற்றுக்கு இரண்டு பேரை எங்கே நிறுத்துகிறோம் என்பது மட்டுமே இவ்வளவு வேறுபாட்டைத் தருகிறது. தொலைவு வர்க்கமாகப் பெருகுவதால் ஓரத்தில் நிற்பவரின் குரல் ஓங்கி ஒலிக்கிறது. முடிவில்லாத பிரிவுள்ள அட்டவணையில் விலக்க வர்க்கச் சராசரியின் இரண்டாம் தசம இடத்தை நம்பக் கூடாது.

மூன்றாவது, பிரிவின் அகலம். முதல் கணக்கின் பதினான்கு பிரிவுகளை இரண்டிரண்டாக இணைத்து ஏழாக்கிப் பார்த்தேன். சராசரி 68.10, ஏறக்குறைய மாற்றமே இல்லை. விலக்க வர்க்கச் சராசரி மட்டும் 6.46-இலிருந்து 6.74-ஆக வீங்கிவிட்டது. ஏன் என்பதை அட்டவணையே காட்டுகிறது. 63.2-இல் 32 பேர், 64.2-இல் 59 பேர். இருவரையும் சேர்த்தால் உண்மையான சராசரி 63.85, நடுமதிப்போ 63.7. மையத்தின் பக்கம் சாய்ந்திருந்த கூட்டத்தை வெளிப்பக்கம் தள்ளிவிட்டோம். மறுபுறம் 71.2-இல் 64 பேர், 72.2-இல் 41 பேர். உண்மையான சராசரி 71.59, நடுமதிப்பு 71.7. இங்கேயும் வெளிப்பக்கமே தள்ளியிருக்கிறோம். இடப்புறத் தள்ளலும் வலப்புறத் தள்ளலும் சராசரியில் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. வர்க்கத்தில் இரண்டுமே கூடுகின்றன. பிரிவுக்குள் இருந்த சிறு வேறுபாடுகள் அழிவதால் ஓரளவு குறையவும் செய்கிறது. ஆனால் மணி வடிவப் பரவலில் தள்ளலால் வரும் கூடுதல் இந்தக் குறைவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

இந்த வீக்கத்துக்கு அளவு சொன்னவர் வில்லியம் ஃப்ளீட்வுட் ஷெப்பர்ட். 1898-இல் வெளியான அவருடைய திருத்தம், கிடைத்த விலக்க வர்க்கச் சராசரியிலிருந்து `h²/12` கழிக்கச் சொல்கிறது. அகலம் 1-இலிருந்து 2 ஆனால் வீக்கம் (4 − 1)/12, அதாவது 0.25 கூட வேண்டும், 6.46 என்பது 6.71 ஆக வேண்டும். நமக்குக் கிடைத்தது 6.74. கணிப்பு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். ஆனால் இந்தத் திருத்தம், இருபுறமும் மெல்லச் சரிந்து தேயும் பரவலுக்கு மட்டுமே உரியது. ஒரு பக்கம் செங்குத்தாக நிற்கும் வருமான அட்டவணை போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்தினால் பிழையைக் கூட்டிக்கொள்வோம்.

கால்டனின் கேள்வி நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளுக்கும் பொருந்தும். வயது 5–9 என்ற பிரிவின் நடு 7 என்றுதான் கை எழுதும். ஆனால் அங்கே குறிப்பது நிறைவடைந்த வயது. பத்தாம் பிறந்தநாளுக்கு முதல்நாள் வரை ஒரு குழந்தைக்கு 9 வயதுதான். ஆகவே பிரிவு 5-இல் தொடங்கி 10-இல் முடிகிறது, நடுமதிப்பு 7.5. இதைத் தவறவிட்டால் சராசரி வயதில் அரை ஆண்டு குறைந்துவிடும். 0-இலும் 5-இலும் முடியும் வயதுகளைச் சொல்லும் பழக்கமும் நம்மிடம் உண்டு. 62 அங்குலம் என்று முடித்தவர்கள் செய்ததும் இதைத்தான்.

எனவே ஒரு தொகுத்த அட்டவணை கைக்கு வந்ததும் கூட்டிப் பெருக்கத் தொடங்கிவிடாதீர்கள். பிரிவு உண்மையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதற்குள் ஆட்கள் எங்கே குவிந்திருக்கிறார்கள், ஓரத்துப் பிரிவுக்கு என்ன மதிப்பு வைத்தோம் என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். கிடைத்த பதில்களை, கால்டன் செய்தது போல, அட்டவணையின் அடியில் ஒரு வரியாக எழுதிவையுங்கள்.