ரெப்போவில் தொடங்கி விலைவாசி வரை: ஒரு பாடம், ஒரே ஒரு வரி

பிளஸ் டூ பொருளியலிலோ போட்டித் தேர்வுக் கையேட்டிலோ வங்கியும் பணவியல் கொள்கையும் வரும் பாடத்தைப் புரட்டினால் விளக்கங்கள் வரிசை கட்டி நிற்கும். ரிசர்வ் வங்கி தொடங்கிய ஆண்டு 1935, பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையான ஆண்டு 1969, வணிக வங்கியின் பணிகள், ரொக்க இருப்பு விகிதம், ரெப்போ விகிதம், வெளிச்சந்தை நடவடிக்கை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்த மாணவரிடம், “ரெப்போவைக் கூட்டினால் பருப்பு விலைக்கு என்ன ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள். “பணவீக்கம் குறையும்” என்பார். எப்படி என்று அடுத்த கேள்வி போட்டால் தடுமாறுவார். பாடம் அந்த “எப்படி”யைச் சொல்கிறது. ஆனால் பல பக்கங்களில் சிதறிச் சொல்கிறது.

பாடத்தைச் சுருக்குபவர்கள் பெரும்பாலும் விளக்கங்களையே இன்னும் சின்ன விளக்கங்களாக்குகிறார்கள். அதற்குப் பதில் இப்படி ஒரே வரியில் எழுதிக்கொள்ளலாம்:

ரெப்போ → ஒருநாள் கடன் வட்டி → வங்கி வட்டி → மக்கள், தொழில்களின் செலவு → விலைவாசி

நாட்டுடைமை, வங்கியின் பணிகள், ஆண்டுகள் எல்லாம் இந்த வரிக்கு வெளியே போய்விடும். அவை வேண்டாதவை அல்ல. வேறு கேள்விகளுக்கான விடைகள். இந்த வரியில் சொற்களைவிட அம்புக்குறிகள்தான் முக்கியம். ஒவ்வொரு அம்புக்கும் கீழே மூன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: இங்கே முடிவெடுப்பவர் யார், எவ்வளவு காலம் பிடிக்கும், எங்கே அறுந்துபோகும். இது தேறுகிறதா என்று பார்க்க 2022-இல் தொடங்கிய நம் நாட்டு வட்டி உயர்வே போதும்.

அந்த ஆண்டு மே 4 அன்று, கால அட்டவணையில் இல்லாத கூட்டம் ஒன்றை நடத்தி முடித்து, ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆகிறது என்று ஆளுநர் சக்திகாந்த தாஸ் அறிவித்தார். ஜூன் வரை காத்திருக்க அவகாசம் இருக்கவில்லை. ரஷ்யா–உக்ரைன் போர் தொடங்கி எண்ணெய் விலைகள் ஏறியிருந்தன. அந்த ஏப்ரல் மாதச் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம் என்று பின்னர் தெரிந்தது. சட்டப்படி ரிசர்வ் வங்கியின் இலக்கு 4. மேலே கீழே இரண்டு புள்ளி நகரலாம். அதாவது 6 உச்சவரம்பு. அடுத்தடுத்த கூட்டங்களில் ஏறிக்கொண்டே போய் 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.50-இல் நின்றது. மொத்தம் இரண்டரைப் புள்ளி.

முதல் அம்பிலேயே பலர் சறுக்குகிறார்கள். ‘ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி ரெப்போ, அது ஏறினால் வங்கிகள் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்கி நமக்குக் கூடுதல் வட்டிக்குக் கொடுக்கும்’ என்று எழுதுவார்கள். வங்கி நமக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மக்கள் போட்ட வைப்புத்தொகை. ரிசர்வ் வங்கியிடம் வாங்கிய கடன் மிகக் கொஞ்சம். இன்னும் சொல்லப்போனால் 2022-இன் தொடக்கத்தில் வங்கிகள் கடன் கேட்டு நிற்கவே இல்லை. கொரோனா காலத்தில் இறைக்கப்பட்ட பணத்தில் பல லட்சம் கோடியை ரிசர்வ் வங்கியிலேயே திரும்பப் போட்டு வைத்திருந்தன.

பிறகு ரெப்போ எப்படி வேலை செய்கிறது? வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கைமாற்று வாங்கிக் கொடுக்கும் சந்தை ஒன்று உண்டு. மிச்சப் பணம் உள்ள வங்கி அதை ரிசர்வ் வங்கியில் போட்டால் ஒரு வட்டி கிடைக்கும். அதற்குக் கீழே இன்னொரு வங்கிக்குக் கொடுக்க அதற்கென்ன தலையெழுத்தா? அந்த வட்டிதான் தரை. 2022 ஏப்ரலில் நிலையான வைப்பு வசதி என்று ஒன்று வந்தது. ரெப்போவுக்குக் கால் புள்ளி கீழே அதன் வட்டி. ரெப்போவுக்குக் கால் புள்ளி மேலே அவசரக் கடனுக்கான வட்டி, அது கூரை. ஒருநாள் கடன் வட்டி இந்த இரண்டுக்கும் நடுவே ஓடும்படி ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்கிறது. ரெப்போ நகர்ந்தால் தரையும் கூரையும் சேர்ந்து நகரும். இந்த அம்புக்குப் பிடிக்கும் காலம் ஓரிரு நாள்தான்.

பாடத்தில் தனித்தனித் தலைப்பில் கிடக்கும் ரொக்க இருப்பு விகிதமும் வெளிச்சந்தை நடவடிக்கையும் இங்கேதான் வந்து ஒட்டிக்கொள்ளும். சந்தையில் பணம் வழிந்தால் வட்டி தரையோடு ஒட்டிக் கிடக்கும்; பணம் வற்றினால் கூரையை முட்டும். அதே மே 4 அன்று ரொக்க இருப்பு விகிதத்தையும் 4-லிருந்து 4.5 ஆக உயர்த்தி, சுமார் 87,000 கோடி ரூபாயை வங்கிகளிடமிருந்து உள்ளே இழுத்தார்கள். விலையையும் அளவையும் ஒரே நாளில் பிடித்தார்கள் என்று இந்த அம்புக்கருகே குறித்துக்கொண்டால் அந்த இரண்டு தலைப்பும் முடிந்தது.

இரண்டாவது அம்பு நம் வீட்டுக்குள் வருவது. 2019 அக்டோபர் முதல், வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மிதக்கும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளியே தெரியும் ஓர் அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, பிணைக்கப்பட வேண்டும். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைத் திருத்த வேண்டும். 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, ரெப்போவுக்கு மேல் 2.65 என்று ஒரு கடனை வைத்துக்கொள்வோம். ரெப்போ 4 ஆக இருந்தபோது வட்டி 6.65; மாதத் தவணை சுமார் 22,600 ரூபாய். ரெப்போ 6.50 ஆனதும் வட்டி 9.15, தவணை சுமார் 27,300. மாதம் 4,700 ரூபாய் கூடுதல். அந்தப் பணம் கடைத்தெருவுக்குப் போகாது என்பதுதான் அடுத்த அம்பு.

ஆனால் பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துவிட்டு ஆண்டுகளை நீட்டின. நம் கணக்கில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். 30 லட்சத்துக்கு 9.15 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி மட்டும் சுமார் 22,900 ரூபாய். பழைய தவணையான 22,600 அந்த வட்டிக்கே காணாது. எத்தனை ஆண்டு நீட்டினாலும் அசல் குறையாது, மாறாகக் கூடும். இதைக் கண்டுதான் 2023 ஆகஸ்டில், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும், தவணை வட்டிக்குக்கூடப் போதாத நிலை வரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நம் சங்கிலிக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: தவணை மாறாத வீட்டில் மாதச் செலவும் மாறாது. வட்டி ஏறியும் அம்பு அங்கே செயல்படவில்லை.

எல்லாக் கடனும் ரெப்போவோடு கட்டப்பட்டதும் அல்ல. கார் கடன், நகைக்கடன், தனிநபர் கடன் பலவற்றில் வாங்கிய நாளின் வட்டிதான் கடைசி வரை. தொழில் கடன்களில் கணிசமான பகுதி வங்கியின் சொந்தச் செலவை வைத்துக் கணக்கிடும் பழைய முறையில் இருக்கிறது; அந்தச் செலவு வைப்புத்தொகை வட்டி ஏறினால்தான் ஏறும். அதனால் ரெப்போ இரண்டரைப் புள்ளி ஏறியும், ஏற்கெனவே நிலுவையில் இருந்த கடன்களின் சராசரி வட்டி அதில் ஏறத்தாழப் பாதிதான் ஏறியது. புதுக்கடன்களில் இன்னும் கூடுதலாக ஏறியது. தேர்வில் ‘ரெப்போ உயர்ந்தால் வங்கி வட்டி உயரும்’ என்று எழுதுவது சரி. ‘அதே அளவு உயரும்’ என்று எழுதினால் தவறு.

மூன்றாவது அம்பில் முடிவெடுப்பவர்கள் நாம்தான். வட்டி பார்த்து வீடு வாங்குவதைத் தள்ளிப்போடுபவர், புது இயந்திரம் வாங்காமல் பழையதையே ஓட்டும் பட்டறைக்காரர், வைப்புத்தொகைக்கு 7 சதவீதம் கிடைக்கிறதே என்று செலவைக் குறைப்பவர். இந்த முடிவுகள் மெதுவாகத்தான் திரளும். செலவு குறைந்து கடைக்காரர் விலையை ஏற்றத் தயங்குவது அதற்கும் பிறகு. முதல் அம்பு நாள் கணக்கு, இரண்டாவது மாதக் கணக்கு என்றால், கடைசி இரண்டும் சேர்ந்து ஓர் ஆண்டைத் தாண்டிவிடும். மே மாதம் வட்டியைக் கூட்டினோமே, ஜூலையில் ஏன் குறையவில்லை என்று கேட்பவர் இந்தக் காலக்கணக்கை மறந்தவர்.

நான்காவது அம்புதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது எங்கே அறுகிறது என்பதை 2023 அப்பட்டமாகக் காட்டியது. ஜூனில் 5-க்கும் கீழே இருந்த பணவீக்கம் ஜூலையில் 7.44-க்குத் தாவியது. தக்காளி. நாட்டின் பல இடங்களில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்ற மாதம் அது. செப்டம்பரில் புதுக் காய் வந்ததும் பணவீக்கம் மீண்டும் 5-ஐ ஒட்டி வந்துவிட்டது. இந்த மூன்று மாதமும் ரெப்போ அதே 6.50. ஏறியதற்கும் வட்டி காரணமில்லை, இறங்கியதற்கும் காரணமில்லை. அப்போதைய நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 சதவீத எடை. மழை பொய்த்தால் எந்த ரெப்போவும் தக்காளியை விளைவிக்காது.

அப்படியானால் இரண்டரைப் புள்ளி வீணா? உணவையும் எரிபொருளையும் கழித்துவிட்டுப் பார்த்தால் கிடைக்கும் மூலப் பணவீக்கத்தில் விடை இருக்கிறது. 2023-இன் தொடக்கத்தில் 6 சதவீதத்தை ஒட்டி இருந்த அது, படிப்படியாக இறங்கி 2024 மே வாக்கில் 3-ஐ ஒட்டி வந்தது. துணி, வாடகை, வைத்தியம், பழுதுபார்ப்பு போன்றவற்றின் விலை அது. அந்த இறக்கம் முழுவதும் வட்டியால் வந்தது என்று சொல்ல முடியாது. மூலப்பொருள்களின் விலையும் குறைந்தது. ஆனால் சங்கிலி சொல்லும் திசையிலும், அது சொல்லும் தாமதத்திலும் நடந்தது. ஆகவே கடைசி அம்புக்குக் கீழே ‘உணவு நீங்கலாகப் பார்’ என்று எழுதிக்கொள்வது நல்லது.

வரி முடிந்தது போலத் தோன்றும். இன்னும் ஓர் அம்பு பாக்கி. 2025 பிப்ரவரியில் ரெப்போவைக் குறைக்கத் தொடங்கி ஜூனுக்குள் 5.50-க்குக் கொண்டுவந்தார்கள். அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘வட்டியைக் குறைத்ததால் விலைவாசி குறைந்தது’ என்று எழுதினால் சங்கிலி தலைகீழாகிவிடும். அது சொல்வது நேர் எதிரானது. உணவு விலை சரிந்தது, பணவீக்கம் இறங்கியது, அதனால் குழுவுக்கு வட்டியைக் குறைக்க இடம் கிடைத்தது. விலைவாசியிலிருந்து ரெப்போவுக்குத் திரும்பிப் போகும் இந்த அம்பை இழுப்பவர்கள் ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு. அவர்கள் பார்ப்பதும் இன்றைய பணவீக்கத்தை மட்டும் அல்ல, ஓர் ஆண்டு கழித்து அது எங்கே இருக்கும் என்ற கணிப்பை. இன்று அசைக்கும் வட்டி விலைகளைப் போய்ச் சேர அவ்வளவு நாள் பிடிக்கும் என்பதால்.