Rf2 என்று எழுதினால் என்ன அர்த்தம்?

சதுரங்கப் பயிற்சிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், இப்படி ஒரு வரி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்திலோ, பயிற்சியாளர் அனுப்பிய செய்தியிலோ.

```
55. Rf2 Rxf2 56. Kxf2 Bd5 57. Bxd5 Kxd5
58. Ke3 Ke5 0-1
```

யாரோ கைபேசியைச் சட்டைப்பையில் வைத்து அழுத்திவிட்டதுபோல் தோன்றும். ஆனால் ஓர் உலக சாம்பியன் பட்டம் கைமாறிய கணம் இது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். சீனாவின் டிங் லிரனும் சென்னையின் குகேஷும் ஆடிய பதினான்காவது ஆட்டத்தின் கடைசி நகர்த்தல்கள். அதற்கு முன் இருவரும் 6.5 புள்ளிகளுடன் சமமாக இருந்தார்கள்.

இதைப் படிக்கத் தேவையானது கொஞ்சம்தான். பலகையின் எட்டு நிரைகளுக்கும், வெள்ளைக்காரரின் இடப்பக்கத்திலிருந்து a முதல் h வரை எழுத்துகள். வரிசைகளுக்கு, வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்கள். ஆகவே e4 என்பது ஒரே ஒரு கட்டத்தின் முகவரி. காய்களுக்கு ஆங்கிலப் பெயரின் பெரிய எழுத்து: ராஜா K, ராணி Q, யானை R, பிஷப் B. K-யை ராஜா எடுத்துக்கொண்டதால் குதிரைக்கு N. சிப்பாய்க்கு எழுத்தே கிடையாது. கட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் நகர்ந்தது சிப்பாய். x என்றால் வெட்டு. 0-1 என்றால் கறுப்பு வென்றது.

இனி அந்த வரிக்குள் போகலாம். வெள்ளை ஆடிய டிங், தன் யானையை f2-வுக்குக் கொண்டுவருகிறார். இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் இரண்டு சிப்பாய்கள், டிங்கிடம் ஒன்று. ஒரு சிப்பாய் குறைவென்றாலும், யானையும் பிஷப்பும் பலகையில் இருக்கும்வரை டிங் தாக்குப்பிடிக்கலாம், ஆட்டத்தைச் சமனில் முடிக்கலாம். Rf2 யானைகளை நேருக்கு நேர் நிறுத்துகிறது. குகேஷ் வெட்டுகிறார், டிங்கின் ராஜா திருப்பி வெட்டுகிறது. யானைகள் போயின.

அடுத்து வருவது Bd5. வெள்ளை பிஷப் அப்போது a8 என்ற மூலையில் இருந்தது. மூலைக் கட்டத்திலிருந்து பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டப் பாதைதான்: b7, c6, d5 என்று இறங்கும் பாதை. அந்தப் பாதையிலேயே, தன் ராஜாவின் பாதுகாப்போடு, குகேஷின் பிஷப் வந்து நிற்கிறது. வெள்ளை பிஷப் b7-க்குப் போனாலும் c6-க்குப் போனாலும் வெட்டப்படும். தானே வெட்டினால் கறுப்பு ராஜா திருப்பி வெட்டும். தப்ப வழியில்லை. டிங் வெட்டுகிறார், ராஜா திருப்பி வெட்டுகிறது. பலகையில் இப்போது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. அந்த ஒரு சிப்பாயின் வித்தியாசம் இனி மறைய இடமில்லை.

Ke3, Ke5. ஒரே நிரையில் ஒருவர் மூன்றாம் வரிசையில், மற்றவர் ஐந்தாம் வரிசையில். இரு ராஜாக்களும் எதிரெதிரே, இடையில் ஒரே கட்டம், ஆட வேண்டியது வெள்ளை. சதுரங்கக்காரர்கள் இதை 'ஆப்போசிஷன்' என்பார்கள். பழகிய கண்ணுக்கு, பலகையே இல்லாமல் e3, e5 என்ற இரண்டு எண்ணெழுத்துகளிலேயே அந்த நெருக்கடி தெரியும். டிங் அங்கேயே ஆட்டத்தை ஒப்படைத்தார். பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

இப்போது அந்த வரியை இன்னொரு முறை பாருங்கள். பிஷப் a8-இல் இருந்தது என்று அதில் எங்குமே இல்லை. இந்தக் குறியீடு, காய் எங்கே போகிறது என்பதை மட்டும் சொல்கிறது. எங்கிருந்து புறப்பட்டது என்று சொல்வதில்லை. முதல் நகர்த்தலிலிருந்து வரிசையாக ஆடிக்கொண்டு வந்தவருக்கே 57-ஆவது நகர்த்தல் புரியும். என் பார்வையில் இதன் பலமும் ஆபத்தும் இந்த ஒரு குணத்தில்தான் இருக்கின்றன. எழுத்து குறைவு, ஆனால் ஓரிடத்தில் பிசகினால் அதற்குப் பின்னுள்ள எல்லாமே சாய்ந்துவிடும்.

அடிக்கடி நடக்கும் பிசகு ஒன்று. வெள்ளையின் குதிரைகள் b1-இலும் f3-இலும் நிற்கின்றன, d2 காலியாக இருக்கிறது. இரண்டு குதிரையாலும் d2-வுக்குப் போக முடியும். அப்போது எந்தக் குதிரை என்று காட்ட, அது புறப்பட்ட நிரையையும் சேர்த்து Nbd2 என்று எழுத வேண்டும். பிள்ளை அவசரத்தில் Nd2 என்று எழுதிவிடுகிறது. வீட்டில் ஆடிப் பார்க்கும்போது நாம் f3 குதிரையை நகர்த்திவிடுகிறோம். உடனே ஒன்றும் தெரியாது. நாலைந்து நகர்த்தல் தள்ளி Ng5 என்று வரும். g5-க்குப் போகக்கூடிய குதிரை பலகையில் இருக்காது. தவறு தெரிவது அங்கே, நடந்தது முன்னால். நடக்க முடியாத நகர்த்தல் வந்தால் அந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிராமல், பின்னோக்கிப் போய், எந்தக் காய்க்கு இரண்டு வழி இருந்தது என்று தேட வேண்டும்.

கையெழுத்தாலும் தடுமாற்றம் வரும். bxc3 என்றால் b நிரையின் சிப்பாய் c3-இல் வெட்டியது. Bxc3 என்றால் பிஷப் வெட்டியது. சின்ன b, பெரிய B, அவ்வளவுதான் வேறுபாடு. பிள்ளைகளின் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இதற்குப் பலகையின் நிறம் உதவும். வெள்ளையின் f1 பிஷப் வெளிர்நிறக் கட்டங்களில் மட்டுமே நடமாடும். c3 கருநிறக் கட்டம். ஆகவே அந்த பிஷப் c3-இல் வெட்டியிருக்கவே முடியாது.

இந்த முறை எப்போதும் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. அலெப்போவைச் சேர்ந்த பிலிப் ஸ்டம்மா 1737-இல் பாரிஸில் வெளியிட்ட நூலில் இதன் ஆரம்ப வடிவம் இருக்கிறது. ஆனால் ஆங்கிலம் பேசும் நாடுகளில் நெடுங்காலம் வேறு முறை புழங்கியது. அதில் ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். இன்றைய e4, வெள்ளைக்கு ராஜா நிரையில் நான்காம் கட்டம், கறுப்புக்கு ஐந்தாம் கட்டம். ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர். 1981 முதல், பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இன்றைய முறையை மட்டுமே ஏற்கிறது.

போட்டிகளில் எழுதுவது கட்டாயம். ஆடிவிட்டுத்தான் எழுத வேண்டும். முன்கூட்டி எழுதிவைத்து யோசிக்கக் கூடாது. நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதலாகக் கிடைக்காத ஆட்டங்களில், கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது மட்டும் எழுதாமல் ஆடலாம். ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது, ஆட்டம் சமன் என்று கோருபவருக்கு இந்தத் தாள்தான் சாட்சி. அதில் ஒரு நகர்த்தல் விடுபட்டிருந்தால் நியாயமான கோரிக்கையைக்கூட நிரூபிப்பது கஷ்டமாகிவிடும்.

எழுதிய தாள் சட்டப்படி போட்டி நடத்துபவர்களுக்குச் சொந்தம். பல போட்டிகளில் பிள்ளையின் கைக்கு வருவது கார்பன் நகல். அதை பையில் கசங்க விடாதீர்கள். அன்று மாலையே பலகையை எடுத்துவைத்து, பிள்ளை ஒவ்வொன்றாகப் படிக்க நீங்கள் காய்களை நகர்த்துங்கள். இரண்டு நாள் போனால், அந்த எழுத்து bயா Bயா என்று எழுதிய பிள்ளைக்கே நினைவிருக்காது.