குழு முன்பதிவுக்குக் கழிவு தரலாமா? தங்கும்விடுதிக் கணக்கு

விழுக்காட்டுப் பாடத்துக்கு நம்ம ஜொகூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கு. டிசம்பரில் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. பாலம் தாண்டி வருவோரால் ஜொகூர் பாரு விடுதிகள் நிரம்பும்; வாடகை ஏறும். அதே டிசம்பரில் மெர்சிங் பக்கம் வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிப்பதால் தீவு விடுதிகள் பல மூடிக்கிடக்கும். பண்டிகையும் அப்படித்தான். தீபாவளி இரு கரையிலும் பொது விடுமுறை. தைப்பூசம் ஜொகூரில் விடுமுறை, சிங்கப்பூரில் இல்லை. ஆக, விலையை முடிவு செய்வது மாதத்தின் பெயரல்ல, அன்றைய தேவை.

இப்போ ஒரு கற்பனைக் கணக்கு. ஜொகூர் பாருவில் 60 அறை கொண்ட விடுதி. சாதாரண நாள் வாடகை ரிம 200; தீபாவளி வார இறுதியில் 50% கூட்டி ரிம 300. ஓர் அறையில் ஆள் தங்கினால் சலவை, மின்சாரம், காலை உணவுக்கு ரிம 40 செலவு. ஒரு குழு 20 அறை கேட்கிறது, 25% கழிவோடு.

சாதாரண நாளில் 30 அறைதான் போகும். குழுவுக்குக் கொடுப்பது காலியாகக் கிடக்கும் அறை. வாடகை ரிம 150, செலவு போக ரிம 110. 20 அறைக்கு ரிம 2,200 லாபம். தாராளமாகக் கொடுக்கலாம்.

தீபாவளி இரவில் குழு வாடகை ரிம 225. செலவு போக ரிம 185. 20 அறைக்கு ரிம 3,700. ஆனால் அன்று 58 பேர் முழு விலைக்கு வருவார்கள் என்றால், குழு போக மிஞ்சுவது 40 அறை. 18 பேரைத் திருப்பி அனுப்பணும். ஒருவருக்கு ரிம 260 வீதம் இழப்பு ரிம 4,680. ரிம 980 நட்டம்!

எல்லை எங்கே? 3,700 ÷ 260 = 14.2. திரும்பிப் போகிறவர்கள் 14 பேர் வரை இருந்தால் லாபம், 15 ஆனால் நட்டம். அதாவது, 54 பேர் வரை எதிர்பார்த்தால் குழுவை ஏற்கலாம். எதிர்பார்ப்பு தப்பினால் முடிவும் தப்பும். அதனால்தான் விடுதிகள் போன வருட முன்பதிவுக் கணக்கைப் பார்க்கின்றன.

மாணவர்கள் கோட்டை விடும் இடம் இரண்டு. முதலாவது, 50% கூட்டி 25% கழித்தால் 25% உயர்வு என்று எழுதுவது. 1.5 × 0.75 = 1.125, உயர்வு 12.5% தான்.

இரண்டாவது, நீண்ட தங்கலுக்கான கழிவு. ஒருவர் 7 இரவு தங்குகிறார். அதில் 2 இரவு பண்டிகை விலை. கழிவு 10%. 200 × 7-இல் 10% கழித்து ரிம 1,260 என்று போடுவாங்க. ஒவ்வோர் இரவையும் அதன் விலையில் கூட்டணும்: 5 × 200 + 2 × 300 = ரிம 1,600. கழிவு போக ரிம 1,440. ரிம 180 வித்தியாசம்.

வகுப்பில் 58-ஐ 50 ஆக மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். விடை ரிம 1,100 லாபம் என்று வரணும்.