பத்திரம், நகை, பிடித்து வைத்த துணி

தாராபுரம் பக்கம் அமராவதிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் கணக்கு இந்த வட்டாரத்தில் பல வீடுகளுக்குப் பொருந்தும். தோப்புப் பத்திரத்தை வைத்து ஒரு கடன். வீட்டம்மாவின் நகையை வைத்து வங்கியில் மூன்று லட்சம். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மூத்த மகனின் துணியை, பில் பாக்கி என்று சொல்லி சாயப்பட்டறைக்காரர் பிடித்து வைத்திருக்கிறார்.

மூன்று இடத்திலும் பணம் வரவேண்டியவர் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது. பணம் வராவிட்டால் அதை வைத்து அவர் என்ன செய்யலாம் என்பதுதான் மூன்றிலும் வேறு வேறு. பத்திரம் வைப்பது அடமானம். நகை வைப்பது அடகு. துணி விஷயத்தில் பட்டறைக்காரருக்கு இருப்பதைச் சட்டத் தமிழில் பற்றுரிமை என்பார்கள். வக்கீல்கள் லியன் என்றே சொல்வார்கள்.

மூன்றில் மிக மெலிந்தது பற்றுரிமை, நிறையப் பேர் ஏமாறுவதும் அதில்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆவது பிரிவில், ஒரு பொருளின்மேல் உழைப்போ தொழில்திறனோ செலுத்தியவர் அதற்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தராமல் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ‘அந்தப் பொருளை’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். போன மாத லாட்டுக்கு 80,000 ரூபாய் பாக்கி, இந்த மாத லாட்டுக்கு 45,000 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். மகன் 45,000 ரூபாயைக் கட்டிவிட்டால் இந்த லாட்டைப் பட்டறை விட்டுவிட வேண்டும். போன மாதத் துணி ஏற்கெனவே கை மாறிப் போய்விட்டதால் அதன் மேலிருந்த பிடியும் அதோடு போய்விட்டது. அந்த 80,000 ரூபாய்க்கு வழக்குப் போடலாமே தவிர, புதுத் துணியைப் பணயமாக வைக்க முடியாது. பழைய பாக்கிக்கும் சேர்த்து நிறுத்தலாம் என்று இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு. சலானின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனையைக் கையெழுத்துக்கு முன் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அதே பிரிவுக்குச் சட்டமே ஒரு தையற்காரரை உதாரணம் காட்டுகிறது. தைத்ததும் தருகிறேன், கூலிக்கு மூன்று மாதம் தவணை என்று ஒப்புக்கொண்டவர், முடிந்த துணியைக் கூலிக்காக நிறுத்திவைக்க முடியாது. கடன் தவணையில் ஜாப் ஒர்க் நடக்கும் திருப்பூரில் இது சின்ன விஷயமே அல்ல. தவணை கொடுத்த பட்டறை, தவணை முடியும் முன் துணியைப் பிடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. பிடிக்க உரிமையுள்ள இடத்திலும் வைத்திருக்கத்தான் உரிமை. அந்தப் பிரிவின் பலத்தில் துணியை விற்றுக் காசாக்க முடியாது.

அடுத்த பிரிவான 171, வங்கிகளுக்கும் இன்னும் சில தொழில்களுக்கும் மட்டும் ஒரு சலுகை தருகிறது. வங்கியின் கைக்கு வந்த சொத்தை, வாடிக்கையாளரின் மொத்தப் பாக்கிக்கும் ஈடாக வங்கி வைத்துக்கொள்ளலாம். எதிர் ஒப்பந்தம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வைப்புத் தொகை ரசீதுகள் மேல் வங்கிக்கு இப்படி உரிமை உண்டு என்று 1992இல் சிண்டிகேட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நகை வீட்டுக்கு வராமல் போவதும் இந்தக் கதவு வழியாகத்தான்.

நம் குடும்பத்தில் வீட்டம்மா நகைக் கடனை வட்டியோடு கட்டிவிட்டு ரசீதை நீட்டுகிறார். “நீங்க உங்க தம்பியோட டிராக்டர் லோனுக்கு ஜாமீன் போட்டிருக்கீங்க, அது பாக்கி நிக்குது, நகையைத் தர முடியாதுங்க” என்கிறது கவுன்ட்டர். இது எவ்வளவு தூரம் சரி? ஒரு கடனுக்கு அடகு வாங்கியவர் அதே பொருளை வேறு கடனுக்காக நிறுத்த முடியாது, ஒப்பந்தம் இருந்தால் ஒழிய, என்கிறது 174ஆவது பிரிவு. வங்கியோ 171ஐக் காட்டும். இரண்டுக்கும் நடுவே எது செல்லும் என்று நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பது நகைக் கடன் படிவத்தில் என்ன எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதுதான். ஒன்றில் மட்டும் குழப்பமில்லை. வேறு பாக்கிக்காக ஈட்டை நிறுத்துவதானால், எந்தப் பாக்கி, எவ்வளவு, எந்த உரிமையில் என்ற விவரத்தோடு வாடிக்கையாளருக்கு நோட்டீஸ் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி சொல்கிறது. ஆகவே வாய்ப்பேச்சோடு திரும்பி வராமல், எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எழுத்து இருந்தால்தான் அடுத்த படி ஏற முடியும்.

பணம் கட்ட முடியாமல் போகும்போதுதான் அடகின் உண்மையான பலம் தெரியும். கோர்ட்டுக்குப் போகாமலே பொருளை விற்கும் உரிமை அடகு பிடித்தவருக்கு இருக்கிறது. 176ஆவது பிரிவு ஒரே நிபந்தனை போடுகிறது: விற்கப்போவதாக முன்கூட்டியே நியாயமான அவகாசத்தோடு அறிவிப்புத் தரவேண்டும். அந்த அறிவிப்பு தேவையில்லை என்று கடன் பத்திரத்தில் எழுதி வாங்கினாலும் பெரும்பாலும் அது நிற்காது. விற்பனை உண்மையில் முடியும் நிமிடம் வரை பணத்தைக் கட்டி மீட்கும் உரிமை வைத்தவருக்கு உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அசல் 3,00,000, வட்டியும் செலவும் 30,000, ஆகப் பாக்கி 3,30,000 ரூபாய். ஏலத்தில் நகை 3,90,000 ரூபாய்க்குப் போகிறது. மிச்சம் 60,000 ரூபாய் வீட்டம்மாவின் பணம். வங்கியின் லாபம் அல்ல. ஏலம் 3,10,000 ரூபாய்க்கே போனால் குறையும் 20,000 ரூபாயை அவர் இன்னும் தரவேண்டும். இதில் இரண்டாவது பாதி எல்லோருக்கும் தெரியும், முதல் பாதியைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. தங்கம், வெள்ளி ஈட்டுக் கடன்களுக்காக 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், ஏலத்தின் ஆரம்ப விலையை நகை மதிப்பின் 90 சதவீதத்துக்குக் குறையாமல் வைக்கவும், இரண்டு ஏலம் தோற்றால் 85 சதவீதம் வரை இறக்கவும் சொல்கின்றன. மிச்சப் பணத்தை 7 வேலை நாட்களுக்குள் தந்துவிட வேண்டும். முழுக் கடனும் கட்டிய பிறகு நகையைத் தருவதற்கும் அதே 7 வேலை நாள்தான் எல்லை. கடன் கொடுத்தவரின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இந்த நெறிமுறைகளை 2026 ஏப்ரல் 1க்குள் எல்லோரும் கடைப்பிடிக்கத் தொடங்க வேண்டும் என்பது உத்தரவு. நகையை வாங்கிக்கொண்டு, அதன் எடை, தரம், கழிவு எல்லாம் எழுதிய சீட்டைத் தராத இடத்தில் பின்னால் எந்தக் கணக்கும் கேட்க முடியாது.

இனி தோப்பு. நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால், கடன்காரர் கைக்குப் போவது நிலத்தின் மேல் ஓர் உரிமை மட்டும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் அடமானத்தில் பல வகை சொல்கிறது. வங்கியில் நடப்பது பெரும்பாலும் மூலப்பத்திரத்தை ஒப்படைக்கும் வகை. அதற்கான குறிப்பாணை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். நிலம் உழவர் கையிலேயே இருக்கும். கடன் நின்றால், கடன் கொடுத்தவர் தனியார் என்றால் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். வங்கிகள் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கோர்ட்டில் வழக்கில்லாமலே சொத்தைக் கைப்பற்றலாம். ஆனால் அந்தச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. காகிதத்தில் விவசாயம் என்று இருந்தால் போதாது, நிலம் நிஜமாகவே விவசாயத்தில் இருக்க வேண்டும். நம் தோப்பு தப்பும். அதே குடும்பம் டவுனில் உள்ள வீட்டை வைத்திருந்தால் தப்பாது. அப்போது கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கிய 45 நாளுக்குள் கோவையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.

உண்மையான ஆபத்து வங்கியில் இல்லை, தனியார் கடனில்தான். பத்து லட்சம் தருபவர், “அடமானம் எதுக்குங்க, செலவு ஜாஸ்தி. கிரயமா எழுதிக் குடுங்க, பணத்தைக் கட்டுனதும் திருப்பி எழுதித் தர்றேன்” என்பார். திருப்பித் தருவதாக ஒரு தனித் தாளில் எழுதிக் கொடுப்பார். அங்கேதான் கண்ணி. கிரயத்தை அடமானமாகப் பார்க்க வேண்டுமானால் திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 58ஆவது பிரிவில் 1929இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். தனித் தாளில் இருந்தால் அது அடமானம் ஆகாது. அடமானம் என்றால் மீட்கும் உரிமையை எந்த வாசகத்தாலும் பறிக்க முடியாது. கிரயம் என்றால் மீட்க எதுவும் இல்லை.

இன்னொரு வடிவம் கிரய ஒப்பந்தம். கடனுக்கு ஈடாக, நிலத்தை விற்பதாக ஓர் ஒப்பந்தம் பதிவு செய்துகொண்டு, பணம் வராதபோது ‘எனக்கு விற்கச் சொல்லுங்கள்’ என்று வழக்குப் போடுவது. முன்பெல்லாம் நியாயமில்லை என்று பட்டால் மறுக்கும் விருப்புரிமை நீதிபதிக்கு இருந்தது. 2018 திருத்தத்துக்குப் பிறகு அந்த இடம் சுருங்கிவிட்டது. ஆனால் கதவு முழுதாக மூடவில்லை. பத்திரத்தில் எழுதியது வெறும் கண்துடைப்பு, இரு தரப்பும் அதை விற்பனையாக நினைக்கவே இல்லை என்று காட்ட வாய்மொழிச் சாட்சியத்தையும் ஏற்கலாம் என்று 1981இல் கங்காபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்ட வேண்டுமானால் வட்டி கட்டியதற்கு வங்கிக் கணக்கில் தடம் வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்த வட்டிக்கு யார் சாட்சி? மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று போனால் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதிக வட்டி தடைச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் நியாயமான தொகையைக் கோர்ட்டில் கட்டிவிட்டுச் சொத்தைத் திருப்பிக் கேட்க வழியுண்டு.

ஒத்தி அல்லது போக்கியமாகத் தாத்தா காலத்தில் கைமாறிய நிலத்துக்கும் ஒரு வார்த்தை. முப்பது வருடம் ஓடிவிட்டது, இனி நிலம் எங்களுடையதே என்பார்கள். 2014இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அனுபவ அடமானத்தில் காலக்கெடு, அடமானம் எழுதிய நாளிலிருந்து ஓடாது. கடன் தீர்ந்த பிறகே ஓடத் தொடங்கும்.

வங்கி நகையையோ பத்திரத்தையோ இழுத்தடித்தால் முதலில் எழுத்தில் புகார் தரவேண்டும். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது, ஆகவே நகை அம்மாவின் பெயரில் இருந்தால் மனுவையும் அவர் பெயரிலேயே போடலாம்.

சொத்துப் பத்திரத்தை வைத்து வாங்கிய தனிநபர் கடன் தீர்ந்தால் பத்திரங்களை 30 நாளுக்குள் தரவேண்டும், தவறினால் இங்கும் நாளுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் விதி. பத்திரம் கைக்கு வந்ததும் பலர் திருப்தியோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடன் தீர்ந்ததற்கான ரசீதை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டு, அந்த ரசீது அதில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காதவரை, நிலத்தை வாங்க வருபவரின் வக்கீல் கண்ணுக்குத் தோப்பு இன்னும் அடமானத்தில்தான் இருக்கும்.